அக்காவை ஏன் ஓரத்தில் உட்கார வைத்தேன்?



கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்து நான்கு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் போட்டோ எடுப்பதைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். இதிலும் கணக்கு இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் ஓட்டு வீட்டை விற்றுவிட்டோம் என்பது சொந்தங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடைசியாக ஒருமுறை அங்கே கூடினோம். எண்பத்தொரு வயது அக்காவும் வந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது படங்களுக்கு மேல் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோர் முகமும் தெளிவாக இருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஏறக்குறைய எந்தப் படத்திலும் அது எங்கள் வீடு என்று தெரியவில்லை. நடுவில் ஒரு முகம், தலைக்கு மேல் பாதிப் படத்துக்குச் சுவரும் டியூப்லைட்டும், கீழே கணுக்காலோடு வெட்டுப்பட்ட கால். அதை எந்த ஊர்க் கல்யாண மண்டபத்திலும் எடுத்திருக்கலாம்.

எங்கள் அம்மாவின் படங்களும் இப்படித்தான். எங்களிடம் இருபது முப்பது இருக்கும். எல்லாம் சுவரை ஒட்டி நேராக நிற்க வைத்து எடுத்தவை. அம்மா தினமும் மத்தியானம் எங்கே உட்கார்ந்து அரிசி புடைத்தாள் என்று பேத்திக்குக் காட்ட ஒரு படம் கூட இல்லை. இடம் இடிந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். ‘ரூல் ஆஃப் தேர்ட்ஸ்’ என்கிற மூன்றில் ஒன்று விதியையும், ‘லீடிங் லைன்ஸ்’ என்கிற வழிகாட்டும் கோடுகளையும் படத்தை அழகாக்கும் ஒப்பனை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆளோடு சேர்த்து அவருடைய இடத்துக்கும் படத்தில் பங்கு கொடுக்க இவைதான் எளிய வழி. அன்றைக்குத் திண்ணையில் நான் எடுத்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் போனில் கட்டத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் Settings → Camera → Grid. ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் Grid அல்லது Grid lines என்று இருக்கும். திரையில் நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு கோடுகள் தெரியும். இவை படத்தில் விழாது, எடுப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் முகத்தை வை, படம் நன்றாக வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிழையில்லை, ஆனால் பாதிதான். இந்த விதிக்கு முதலில் பெயர் கொடுத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர். 1797-இல் கிராமத்துக் காட்சிகளை வரைவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அப்போது கேமராவே கிடையாது. அவர் பேசியது பங்கைப் பற்றி. நிலமும் வானமும் சரிபாதியாக இருக்க வேண்டாம், ஒன்று ஒரு பங்கு என்றால் மற்றது இரண்டு பங்கு இருக்கட்டும் என்றார். சரிபாதியாகப் பிரித்தால் எது முக்கியம் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

இதை வீட்டுப் படத்துக்குக் கொண்டுவந்தால், அக்காவுக்கு ஒரு பங்கு, திண்ணைக்கு இரண்டு பங்கு. நடுவில் உட்கார வைத்தால் மிச்ச இடம் இரண்டு துண்டாக உடைந்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கிடக்கும். இரண்டிலும் ஒன்றும் உருப்படியாகத் தெரியாது. ஒரு பக்கம் நகர்த்தினால் அந்த இரண்டு துண்டும் ஒன்று சேர்ந்து, கதவு தெரியுமளவுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்த கேள்வி எந்தப் பக்கம் நகர்த்துவது. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம்தான் காலியிடம் இருக்க வேண்டும். அக்காவை வாசல் கதவைப் பார்த்து உட்காரச் சொன்னேன். கதவு இடப்பக்கம் இருந்தது. ஆகவே அக்கா வலப்பக்கக் கோட்டில், இடப்பக்கம் இரண்டு பங்கும் சுவருக்கும் கதவுக்கும். இதையே மாற்றி, அக்கா படத்தின் விளிம்பைப் பார்க்கும்படி வைத்திருந்தால், முதுகுக்குப் பின்னால் காலியிடம் கிடந்து, ஏதோ கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். முகத்தைப் புள்ளியில் வைத்தும் படம் சரியில்லை என்று தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி கோடுகள். திண்ணை பதினெட்டு அடி நீளம், நாலு அடி அகலம். ஒரு பக்கம் சுவர், தெருப்பக்கம் வரிசையாக மரத் தூண்கள், கீழே சிவப்புத் தரை, மேலே உத்தரம். இத்தனையும் ஒன்றுக்கொன்று இணைகோடுகள். பத்தாம் வகுப்பில் இணைகோடுகள் சந்திக்காது என்று சொல்லிக்கொடுத்தேன். படத்தில் அவை சந்திக்கும்! எங்கே சந்திக்கும் என்பதுதான் ரகசியம்.

நீளவாக்கில் ஓடும் தரை மட்டமான கோடுகள் எல்லாம், உங்கள் போன் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் போய்ச் சேரும். போனுக்குக் கீழே இருக்கும் தரை விளிம்பு மேலே ஏறிப் போகும், போனுக்கு மேலே இருக்கும் உத்தரம் கீழே இறங்கி வரும். நின்றுகொண்டு கண்ணுக்கு நேரே போனைப் பிடித்தால், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே வெறும் சுவரில் கோடுகள் சேரும். பார்ப்பவரின் கண்ணும் அந்தச் சுவருக்குத்தான் போகும். போனை அவருடைய முகத்தின் உயரத்துக்கு இறக்கினால், எல்லாக் கோடுகளும் முகத்தின் மட்டத்துக்கு வந்து சேரும்.

நான் செய்தது ரொம்பச் சுலபம். திண்ணையின் ஒரு கோடியில் நானும் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் தானாக ஒன்றாகிவிடும். முழங்கால் வலிக்காரர்கள் நின்றபடியே போனை நெஞ்சுக்கோ இடுப்புக்கோ இறக்கிப் பிடித்துத் திரையைப் பார்த்து எடுக்கலாம். போன் கேமராவில் கண்ணை ஒட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

முதல் படம் சரியாக வரவில்லை. அக்காவை மூன்றாவது தூணருகே, என்னிடமிருந்து பன்னிரண்டு அடி தள்ளி உட்கார வைத்திருந்தேன். கோடுகள் அருமையாக ஓடின, ஆனால் அக்கா படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தாள். திண்ணையின் படம் எடுத்து அதில் ஒரு ஆள் இருந்த மாதிரி ஆகிவிட்டது. 2x போட்டுக் கிட்டே இழுத்தால் அக்கா பெரிதாகிறாள், ஆனால் என் காலடியில் இருந்து கிளம்பும் கோடுகளின் ஆரம்பம் வெட்டுப்பட்டுப் போகிறது. கிட்டே இருந்து தொடங்கினால்தான் கோடு கண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் ஜூமை விட்டுவிட்டு அக்காவையே இரண்டாவது தூணுக்கு, ஏழு அடி தூரத்துக்கு வரச் சொன்னேன்.

“ஒரு இடத்துல உக்கார விடமாட்டியாடா?” என்றாள். எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

பிறகு போனைப் படுக்கவாட்டில் பிடித்து, அக்கா வலப்பக்கக் கோட்டுக்கு வரும் வரை கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். திரையில் அக்கா முகத்தை ஒருமுறை விரலால் தொட்டேன். அப்போதுதான் போன் தெருவின் வெயிலைக் கணக்கில் கொள்ளாமல் நிழலில் இருக்கும் முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஐபோனில் அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வந்து அப்படியே நிற்கும். தூண்கள் சாயாமல் நேராக இருக்கின்றனவா என்று கட்டத்தின் நெடுக்குக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். போனைக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாய்த்தால் தூண்களும் சாயும். எடுத்தேன்.

இங்கே ஒரு சிக்கல் வரும். போனை முகத்தின் உயரத்தில் சாய்க்காமல் பிடித்தால் முகம் படத்தின் சரியான நடு உயரத்தில்தான் விழும். மேலிருந்து மூன்றில் ஒன்றில் வராது. மேலே உத்தரம், ஒட்டடை, டியூப்லைட் எல்லாம் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போனைக் கீழே சாய்த்தால் முகம் மேலே போகும், ஆனால் தூண்கள் கோணலாகும். என்ன செய்வது?

இதற்குக் கணக்கு வாத்தியாரின் வழி ஒன்று. படத்தின் உயரத்தை நான்கு சம பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். முகம் நடுவில், அதாவது மேலிருந்து இரண்டு பங்கு தள்ளி இருக்கிறது. மேலே ஒரு பங்கை மட்டும் வெட்டிவிடுங்கள். மிச்சம் மூன்று பங்கு. முகம் இப்போது மேலிருந்து ஒரு பங்கில் நிற்கிறது. மூன்றில் ஒன்று! நடுவில் இருக்கும் எதையும் மூன்றில் ஒன்றுக்குக் கொண்டுவர ஒரு பக்கத்தில் கால் பங்கு வெட்டினால் போதும். பக்கவாட்டிலும் இதே கணக்குதான். நடுவில் நிற்பவர் இடப்பக்கக் கோட்டுக்கு வரவேண்டுமானால் இடப்பக்கம் கால் பங்கை வெட்டுங்கள். போனிலேயே Edit, பிறகு Crop என்று போனால் வெட்டலாம். அதிலும் மூன்று பங்குக் கோடுகள் தெரியும்.

வெட்டினால் படம் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் என்பது சுமார் 4000-க்கு 3000 புள்ளிகள். மேலே கால் பங்கு போனால் 4000-க்கு 2250, அதாவது 9 மெகாபிக்சல். டிவி திரையின் அதே வடிவம். நாம் போடும் ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்ட்டுக்கு 1800-க்கு 1200 இருந்தாலே தெளிவாக வரும். ஒரு எச்சரிக்கை மட்டும். வெட்டும்போது மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் வெட்டாதீர்கள். முழுசாக விடுங்கள், அல்லது தொடை, இடுப்பு என்று தாராளமாக வெட்டுங்கள்.

இப்படி வந்த படத்தில், இடப்பக்கம் கீழ் மூலையில் தொடங்கும் சுவரடிக் கோடும், வலப்பக்கம் கீழிருந்து வரும் திண்ணை விளிம்பும், மேலிருந்து இறங்கும் உத்தரமும் அக்காவின் தோளுக்கு அருகே போய்ச் சேருகின்றன. அக்கா கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெரியாதவர்கள் பார்த்தாலும், ஒரு கிழவி தன் வீட்டு வாசலைப் பார்க்கிறாள் என்று புரிந்துகொள்வார்கள்.

நல்ல கோடு இருந்தால் போதாது, அது போய்ச் சேரும் இடத்தில் யாராவது இருக்க வேண்டும். இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். பேரன் ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கும் படம் ஒன்று குழுவில் இருக்கிறது. பிளாட்பாரத்தின் மஞ்சள் கோடு அழகாக வளைந்து போகிறது, ஆனால் பேரன் கோட்டை விட்டுத் தள்ளி நிற்கிறான். கோடு யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டைக்குப் போகிறது. படத்தைப் பார்த்தவுடன் என் கண் மூட்டைக்குத்தான் போனது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. படத்தில் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். கண் விரலை நோக்கியே வருகிறதா, வேறு எங்கோ போகிறதா? வேறு எங்கோ போனால், ஆளை அந்த இடத்துக்கு நகர்த்துங்கள், அல்லது நீங்கள் நகருங்கள். (கோடு வேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கி எடுக்காதீர்கள். வயல் வரப்பு, படிக்கட்டுக் கைப்பிடி, பள்ளி வராந்தா, வாய்க்கால் கரை என்று நம்மைச் சுற்றி ஆபத்தில்லாத கோடுகள் எத்தனையோ இருக்கின்றன.)

பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-இல் இயேர் என்ற ஊரில் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. மேலிருந்து பார்த்து எடுத்த படம். வளைந்து இறங்கும் படிக்கட்டும் அதன் கைப்பிடியும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு போய்க் கீழே தெருவில் விடுகின்றன. அங்கே படத்தின் இடப்பக்க மேல் பகுதியில் ஒருவர் சைக்கிளில் விரைகிறார். அவர் உருவம் கலங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் நாம் அவரைத்தான் பார்க்கிறோம். கோடு அங்கே கொண்டுபோய் விடுகிறது, அங்கே ஆள் இருக்கிறார்.

போன் உயரத்தின் கணக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் இதே கணக்கு காலை வாரிவிடும். அங்கே கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் உங்கள் போனின் உயரத்தில்தான் தெரியும். நிற்பவரின் முகத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் கோடு அவர் கண்ணையோ கழுத்தையோ குறுக்கே வெட்டும். அங்கே போனை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், கோடும் அவர் இடுப்புக்கு இறங்கிவிடும். தலை வானத்தில் தெளிவாக நிற்கும். திண்ணையில் கோடு முகத்துக்கு வர வேண்டும், கடற்கரையில் முகத்தை விட்டு விலக வேண்டும். இரண்டுக்கும் போனை ஏற்றி இறக்குவதுதான் வழி.

அதேபோல் எல்லோரையும் ஓரத்தில் வைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மணவறையில் பொண்ணும் மாப்பிள்ளையும், நேர் எதிரே நின்று எடுக்கும் கோபுரம், வாசல் கோலம், இவையெல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதே அழகு. நடுவில்தான் வைக்க வேண்டும். பெரிய குடும்பப் படத்தில் மூன்றில் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால் மாமா கோபித்துக்கொள்வார். 0.5x போட்டு எல்லோரையும் அடக்கும்போது ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்றுவிடும். அதனால் அதில் ஓரத்தில் ஆளை வைக்கவே வைக்காதீர்கள். 1x-இல், மூன்றில் ஒன்று கோட்டில் அந்தத் தொல்லை இருக்காது.

ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். “நல்லா இருக்கு சார். ஆனா இப்படி உக்கார வச்சு, நகர்த்தி எடுத்தா இயல்பு போயிடாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குழந்தை ஓடும்போது கட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, எடுத்துவிட்டுப் பிறகு கால் பங்கு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எடுக்க நமக்கு அவசரம் என்ன? அம்மாவை எடுத்த முப்பது படத்திலும் நாங்கள் இயல்பாகத்தான் எடுத்தோம். ஒருவரும் இரண்டு அடி நகரவில்லை, ஒருவரும் உட்காரவில்லை. அதனால் கிடைத்தது முப்பது சுவர். இரண்டு நிமிஷம் யோசித்து எடுப்பதால் போகும் இயல்பைவிட, யோசிக்காமல் எடுத்து இழந்தது எங்களுக்கு அதிகம்.

அக்காவிடம் படத்தைக் காட்டியபோது முதலில், “என்னடா, என்னை ஓரத்துல தள்ளிட்டே?” என்றாள். நம் வீடுகளில் பெரியவர்களை நடுவில் வைப்பதுதான் மரியாதை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாங்கிப் பார்த்தாள். கதவு நிலையில், அப்பா எங்கள் உயரத்தை வருஷா வருஷம் அளந்து கீறி வைத்த கோடுகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். “இது உன்னோடது, இது என்னோடது” என்று காட்டினாள். அக்கா நடுவில் இருந்திருந்தால் அந்த நிலை படத்திலேயே வந்திருக்காது.

குழுவில் வந்த படத்தையும் நான் எடுத்த படத்தையும் இந்தப் பதிவோடு சேர்த்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழக்கம்போல ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவரை, அவர் தினமும் உட்காரும் இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். நீங்களும் அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு இறங்குங்கள். அவர் பார்க்கும் பக்கம் இரண்டு பங்கு இடம் விடுங்கள். பிறகு கட்டைவிரல் சோதனை. எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். மதிப்பெண் போடமாட்டேன், பயப்படாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்